ஹொரைசன் 2-ஐ மட்டும் வெட்டச் சொல்கிறார்கள்: எப்படி வாதாடுவது?

#1 திட்டப்பிரிவு

வணக்கம். 60 கடைகள் உள்ள ஒரு சில்லறை வணிகச் சங்கிலியில் திட்டப்பிரிவில் இருக்கிறேன். போன வருடம் வளர்ச்சிக்கான செலவை எல்லாம் மூன்று ஹொரைசனாகப் பிரித்து வைத்தோம். மொத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், ஹொரைசன் 1-க்கு 70, அதாவது ஏற்கெனவே ஓடுகிற கடை வியாபாரத்துக்கு: கடைப் புதுப்பிப்பு, சரக்கு நிரப்பும் மென்பொருள், சொந்த பிராண்டு. ஹொரைசன் 2-க்கு 22, அதாவது ஆன்லைன் ஆர்டருக்கு. இது ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. 12 கடைகளில் ஊழியர்கள் அலமாரியிலிருந்தே பொருளை எடுத்து, கட்டி, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மீதி 8 ஹொரைசன் 3-க்கு, அதாவது மூன்று சிறிய சோதனைகளுக்கு: கருவிகளை வாடகைக்கு விடுவது, பழைய பொருளை வாங்கி விற்பது, கடைக்குள் விளம்பரத் திரை.

இப்போது பிரச்சினை. பழைய கடைகளின் விற்பனை போன வருடத்தைவிட 3 சதவீதம் இறங்கிவிட்டது. நிதி இயக்குநர் வளர்ச்சிச் செலவில் 20-ஐக் குறைக்கச் சொல்கிறார். ஹொரைசன் 1-இல் ஒப்பந்தம் எல்லாம் கையெழுத்தாகிவிட்டது, தொட முடியாது. அதனால் ஹொரைசன் 2 22-லிருந்து 10 ஆகும், ஹொரைசன் 3 பூஜ்யம். 'ஆன்லைன் ஒவ்வொரு ஆர்டருக்கும் நஷ்டம், ஆதாரம் இதோ' என்று ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்.

70-20-10 என்ற விகிதத்தைக் காட்டி வாதாடலாமா? இரண்டு வாரத்தில் கூட்டம்.

#2 நேர்கோடு

விகிதம் எல்லாம் அப்புறம். பெயரிலேயே பதில் இருக்கிறது. ஹொரைசன் 1 இந்த வருடம், ஹொரைசன் 2 இரண்டு மூன்று வருடம் கழித்து, ஹொரைசன் 3 ஐந்து வருடத்துக்கு அப்புறம். இந்த வருடம் வீடு ஒழுகுகிறது என்றால் முதலில் கூரையைச் சரி பண்ணுங்கள். ஹொரைசன் 3-க்கு இப்போது ஏன் பணம்? அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

#3 மனிதவளம்_தேவி

70-20-10 எங்கள் துறையில் ரொம்ப நாளாக இருக்கிற விகிதம். 70 வேலை செய்துகொண்டே கற்பது, 20 கூட இருப்பவர்களிடமிருந்து, 10 வகுப்பறையில். இதை வைத்து நிதி இயக்குநரிடம் எப்படி வாதாட முடியும் என்று புரியவில்லை. ஆனால் ஆன்லைன் பிரிவு ஊழியர்களுக்குப் பயிற்சி தேவை என்றால் சொல்லுங்கள், அட்டவணை ஒன்று கையில் இருக்கிறது.

#4 கல்லாப்பெட்டி

தேவி, அது வேறு 70-20-10. எண்தான் ஒன்று. இங்கே சொல்வது, புதுமைக்கான பணத்தை இருக்கிற தொழில், அதை ஒட்டிய தொழில், முற்றிலும் புதிய தொழில் என்று பிரிக்கிற விகிதம். ஆனால் அந்த அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம், பொருள் எடுக்கும் ஊழியர்கள் விஷயத்தில் பிறகு அது தேவைப்படும்.

நேர்கோடு தம்பி சொன்னதில் பாதி சரி. 1999-இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த பகாய், கோலி, வைட் மூன்று பேரும் இந்த மூன்று ஹொரைசன் முறையை எழுதியபோது, மூன்றையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பதுதான் சாரமே. அவர்கள் சொன்ன காலம் லாபம் வருகிற காலம், வேலை ஆரம்பிக்கிற காலம் அல்ல. இன்று விதைக்காததை 'வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அது வராது. அந்தக் காலக்கணக்கே இப்போது செல்லாது என்று 2019-இல் ஸ்டீவ் பிளாங்க் எழுதினார். ஹொரைசன் 3 என்று நீங்கள் ஒதுக்கி வைத்ததை வெளியிலிருந்து ஒரு புதியவர், ஏற்கெனவே இருக்கிற தொழில்நுட்பத்தை ஒட்டவைத்துச் சில மாதத்தில் கொண்டுவந்துவிடுவார் என்பது அவர் வாதம்.

இனி திட்டப்பிரிவு தம்பிக்கு. விகிதத்தைக் காட்டி வாதாடாதீர்கள், தோற்பீர்கள். 2012-இல் நாக்ஜி, டஃப் இருவரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் 70-20-10-ஐ எழுதியபோதே, எல்லாருக்கும் இதே எண் இல்லை என்றுதான் சொன்னார்கள். நுகர்பொருள் நிறுவனத்துக்கு 80-18-2, வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் இருக்கிற தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 45-40-15 என்று அவர்களே வேறு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நிதி இயக்குநர் அதைப் படித்திருந்தால் '80-18-2 என்றும் இருக்கிறதே' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

முதலில் அந்த நஷ்டத் தாளைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு ஆர்டருக்கு என்ன கணக்குப் போட்டிருக்கிறார்?

#5 திட்டப்பிரிவு

நன்றி மேடம். தாளில் இருப்பது இது. சராசரி ஆர்டர் 100 என்று வைத்துச் சொல்கிறேன்; எல்லா எண்ணும் அந்த 100-க்கு.

மொத்த லாபம் 25. அலமாரியிலிருந்து பொருள் எடுக்கும் கூலி 6. வீட்டுக்கு அனுப்ப 9. கட்டுவதற்கும் பணம் வாங்கும் கட்டணத்துக்கும் சேர்த்து 3. திரும்பி வருவது, பொருள் விட்டுப்போனதற்கு ஈடு கொடுப்பது 2. தலைமை அலுவலகச் செலவின் பங்கு 8. ஆக, ஆர்டருக்கு 3 நஷ்டம்.

#6 நேர்கோடு

அந்த 8-ஐப் பாருங்கள்! ஆன்லைனை மூடினால் தலைமை அலுவலக வாடகை குறையுமா? ஒரு நாற்காலிகூடக் குறையாது. அதை எடுத்துவிட்டால் ஆர்டருக்கு 5 லாபம். லாபம் வருகிற தொழிலையா வெட்டுவார்கள்? 22-ஐ 40 ஆக்கச் சொல்லுங்கள். முடிந்தது.

#7 ஐந்தொகை

நான் நிதிப் பக்கத்து ஆள். எங்கள் தரப்பையும் கேளுங்கள். அந்த 8-ஐ எடுக்கச் சொல்வது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதி 5-ஐ லாபம் என்று கொண்டாடுவது பெரிய தவறு. ஆன்லைனில் வாங்கியவர் யார்? நேற்றுவரை நம் கடைக்கே வந்து, தானே கூடையைத் தூக்கி, தானே எடுத்துக்கொண்டு போனவர் என்றால்? அவரிடம் கடையில் நமக்கு எவ்வளவு நின்றது?

#8 திட்டப்பிரிவு

கடையில் 100-க்கு விற்றால் மொத்த லாபம் அதே 25. கல்லா ஆள் கூலி, பை, அட்டைக் கட்டணம் எல்லாம் 2 ஆகும். 23 நிற்கும்.

அலமாரி நிரப்பும் கூலி இரண்டுக்கும் பொது, ஏனென்றால் ஆன்லைன் ஆர்டரையும் அதே அலமாரியிலிருந்துதான் எடுக்கிறோம்.

#9 கல்லாப்பெட்டி

ஐந்தொகை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

கடையிலிருந்து ஆன்லைனுக்கு நகர்ந்தவர் ஒருவர் என்றால், 23 நின்ற இடத்தில் இப்போது 5 நிற்கிறது; 18 போயிற்று. புதிதாக வந்தவர் ஒருவர் என்றால், ஒன்றுமில்லாத இடத்தில் 5 வந்தது. அப்படியானால் 100 ஆர்டரில் எத்தனை நகர்ந்தவை என்பதுதான் முழுக் கதையும். 55 நகர்ந்தவை என்றால் 990 போகிறது, 225 வருகிறது, பெரிய அடி. 20 மட்டும் நகர்ந்தவை என்றால் 360 போகிறது, 400 வருகிறது, தாக்குப்பிடிக்கும். எங்கே சமன் ஆகும் என்று பார்க்க எளிய வழி உண்டு: ஆன்லைனில் நிற்பதைக் கடையில் நிற்பதால் வகுங்கள். 5-ஐ 23-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 சதவீதம். நூறில் 22-க்கு மேல் நகர்ந்தவை என்றால் ஒவ்வொரு ஆர்டரும் சங்கிலியைத் தேய்க்கிறது. கீழே என்றால் வளர்க்கிறது.

கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எண் இது. 3 நஷ்டமும் இல்லை, 5 லாபமும் இல்லை. உங்கள் ஆட்களுக்குள் 'எத்தனை பேர் நகர்ந்தார்கள்' என்று யாராவது அளந்திருக்கிறார்களா?

#10 திட்டப்பிரிவு

அளந்தோம் என்றுதான் நினைத்தோம். 100 ஆர்டரில் 55 ஏற்கெனவே நம் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுடையது. அப்படியானால் 55 தானே? ஐயோ.

#11 கல்லாப்பெட்டி

இல்லை, பயப்படாதீர்கள். அட்டை வைத்திருக்கிறவர் ஆன்லைனில் வாங்கினால் அது கடையிலிருந்து நகர்ந்தது என்று அர்த்தமில்லை. முன்பு மாதம் இரண்டு முறை நம்மிடமும் இரண்டு முறை வேறு கடையிலும் வாங்கியவர், இப்போது நம் கடையில் இரண்டு, நம் ஆன்லைனில் ஒன்று என்று மாறியிருக்கலாம். அந்த ஒன்று நமக்குப் புதுசுதான்.

செய்ய வேண்டியது இது. ஆன்லைன் இருக்கிற 12 கடைகளுக்கு இணையாக, அதே அளவு, அதே மாதிரிச் சுற்றுப்புறம் உள்ள, ஆன்லைன் இல்லாத 12 கடைகளை எடுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் ஆறு மாதம், பின் ஆறு மாதம், அட்டைக்காரர்களின் கடைச் செலவை மட்டும் இரண்டு பக்கமும் பாருங்கள். எல்லாக் கடையும் 3 சதவீதம் இறங்கிய வருடம் என்பதால், ஆன்லைன் உள்ள கடைகளைத் தனியாகப் பார்த்தால் எல்லாப் பழியும் ஆன்லைன் தலையில் விழும். இணைக் கடைகளைவிட எவ்வளவு அதிகமாக இறங்கியது என்பதுதான் நகர்ந்தது.

#12 மூன்றுகடைக்காரர்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு மூன்றே கடை. ஹொரைசன் எல்லாம் தெரியாது, ஆனால் இதே ஆன்லைன் வேலையைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டேன். என் விஷயத்தில் கணக்கு கெடவில்லை, கடை மேலாளர்தான் கெடுத்தார். இல்லை, அவரையும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நானே போய் நின்று பார்த்தேன். ஆர்டர் எடுக்கும் பையன் தள்ளுவண்டியில் நான்கு பெட்டி வைத்து இரண்டாவது வரிசையில் நிற்கிறான். கல்லாவில் ஒன்பது பேர் வரிசை. மேலாளர் கைதட்டிக் கூப்பிட்டு அவனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். தள்ளுவண்டி அங்கேயே நடுவழியில் நாற்பது நிமிடம். வாடிக்கையாளர்கள் அதைச் சுற்றி வளைந்து போனார்கள், ஒருவர் ஒரு பெட்டியிலிருந்தே ஒரு சாமானை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். பையன் திரும்பி வந்து அவசர அவசரமாக முடித்ததில் நான்கு ஆர்டரிலும் ஏதோ ஒன்று விட்டுப்போனது. மேலாளரைக் கேட்டால், 'சார், என் ஊக்கத்தொகை கடை விற்பனைக்கு. ஆன்லைன் விற்பனை உங்கள் கணினியில் விழுகிறது, அந்தப் பையன் சம்பளம் என் கடைக் கணக்கில் விழுகிறது. நீங்களே சொல்லுங்கள்' என்றார். என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதத்தில் மூடிவிட்டேன்.

#13 கல்லாப்பெட்டி

மூன்றுகடைக்காரர் அண்ணா, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான பதிவு இதுதான். ஹொரைசன் 2 பெரும்பாலும் இயக்குநர் கூட்டத்தில் சாவதில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டாவது வரிசையில் சாகிறது. கூட்டத்தில் இறப்புச் சான்றிதழ் மட்டும் கொடுப்பார்கள்.

நான் பார்த்த இடத்தில் இரண்டு மாற்றம் செய்தோம். ஆன்லைன் ஆர்டர் எந்தக் கடை அலமாரியிலிருந்து போகிறதோ அந்தக் கடையின் விற்பனையாகவே மேலாளர் கணக்கில் சேர்த்தோம். எடுக்கும் ஆள் சம்பளத்தைக் கடைக் கணக்கிலிருந்து எடுத்து ஹொரைசன் 2 பணப்பையில் வைத்தோம். அதாவது வரவு அவருக்கு, செலவு நமக்கு. அப்புறம் வேலையைக் கடை திறப்பதற்கு முன்னால் அதிகாலைக்கு மாற்றினோம். நெரிசல் இல்லை, கல்லாவுக்குக் கூப்பிட யாரும் இல்லை, அலமாரி நிரம்பியிருக்கும்.

திட்டப்பிரிவு தம்பி, உங்கள் ஆட்கள் மணிக்கு எத்தனை பொருள் எடுக்கிறார்கள்?

#14 திட்டப்பிரிவு

மணிக்கு 60. ஒரு ஆர்டரில் சராசரி 24 பொருள், அதாவது ஆர்டருக்கு 24 நிமிடம். கூலி மணிக்கு 15 (அதே 100 கணக்கில்), அதுதான் அந்த 6.

#15 ஐந்தொகை

ஒரு குறுக்குக் கேள்வி. இவ்வளவு சிக்கல் என்றால் ஆன்லைனைத் தனி நிறுவனமாக, தனிக் கிடங்கோடு வைத்துவிடலாமே? ஹொரைசன் 2-ஐ முதன்மைத் தொழிலிலிருந்து தள்ளி வை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

#16 கல்லாப்பெட்டி

எதைத் தள்ளி வைப்பது என்று பார்க்க வேண்டும் சார். அமெரிக்காவில் ஆன்லைனில் மளிகை விற்ற வெப்வேன் 1999-இல் பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்திடம் 100 கோடி டாலருக்கு, 26 தானியங்கிக் கிடங்குகளுக்கு ஒப்பந்தம் போட்டது. வாடிக்கையாளர் எண்ணிக்கை அந்தக் கிடங்குகளை நிரப்பும் முன்பே, 2001 ஜூலையில் திவால். அதே காலத்தில் பிரிட்டனின் டெஸ்கோ சங்கிலி கடை அலமாரியிலிருந்தே எடுத்து அனுப்பியது. பார்க்க அசிங்கமான முறை, ஆனால் ஆர்டர் குறைவாக இருக்கும்போது முன்கூட்டியே போட வேண்டிய முதல் குறைவு. ஆர்டர் அடர்ந்து, கடைகள் தாங்காது என்ற பிறகு, 2006-இல் குரோய்டனில் ஆன்லைனுக்கென்று தனிக் கிடங்கு திறந்தார்கள்.

இன்னொரு பக்கம் பார்டர்ஸ் என்ற அமெரிக்கப் புத்தகக் கடைச் சங்கிலி. தன் ஆன்லைனையே 2001-இல் அமேசானிடம் ஒப்படைத்துவிட்டது. அந்த வருடத்துக் கணக்குப்படி நல்ல முடிவுதான், நஷ்டம் அடுத்தவர் தலைக்குப் போயிற்று. 2008-இல் திரும்பத் தானே ஆரம்பித்தபோது ஏழு வருட அனுபவம் கையில் இல்லை. 2011-இல் திவால். ஆன்லைன் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், கடன் இருந்தது, கடைகள் அதிகம்.

எனவே, கடை அலமாரியில் கை வைக்கிற தொழிலைத் தனி நிறுவனமாக்க முடியாது; அலமாரிக்காகத் தினமும் சண்டை வரும். தள்ளி வைக்க வேண்டியது பணப்பையும் மதிப்பீட்டுக் கூட்டமும். இரண்டையும் கடைகளின் மாதாந்திரக் கூட்டத்திலேயே பார்த்தால், ஆன்லைன் எப்போதும் கடைசி அரைமணி நேரத்தில், எல்லாரும் களைத்த பிறகு, கடைகளின் அளவுகோலிலேயே அளக்கப்படும்.

#17 நேர்கோடு

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பழைய கடை விற்பனை 3 சதவீதம் இறங்குகிறது. நீங்கள் எல்லாரும் ஹொரைசன் 2-ஐக் காப்பாற்றுவதிலேயே இருக்கிறீர்கள். 70 போகிற இடத்தில் என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லையே?

#18 கல்லாப்பெட்டி

நல்ல கேள்வி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆர்டர் எடுக்கும் ஆள் ஒரு பொருளைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் கருவியில் 'இல்லை' என்று அழுத்துகிறார் இல்லையா? அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கணினி 4 இருக்கிறது என்று சொல்லும், அலமாரி காலி. திருடு போயிருக்கும், உடைந்து எறிந்திருப்பார்கள், பின்னறையில் தவறான பெட்டிக்குள் கிடக்கும். கணினிக்கு 4 இருப்பதால் அது புது ஆர்டரும் போடாது. கடைக்கு வந்து தேடிக் கிடைக்காத வாடிக்கையாளர் சொல்லாமல் போய்விடுவார். ஆர்டர் எடுக்கும் ஆள் மட்டும்தான் தினமும் அதைப் பதிவு செய்கிற ஒரே ஆள். ஹொரைசன் 1 ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரு பகுதிப் பதில் ஹொரைசன் 2-இன் குப்பைக் கோப்பில் கிடக்கும்.

#19 திட்டப்பிரிவு

பத்து நாள் கழித்து வருகிறேன். அக்கா (அப்படிக் கூப்பிடலாம்தானே), மூன்று விஷயம்.

'இல்லை' பட்டியலை எடுத்தேன். 12 கடைகளில் தேடியதில் நூறுக்கு 7 கிடைக்கவில்லை. அந்த 7-இல் பாதிக்கு மேல் கணினியில் இருப்பு காட்டுகிறது. கடைச் செயல்பாட்டு மேலாளர் முதலில் நம்பவில்லை. அவரோடு ஒரு கடைக்குப் போய் இருபது பொருளைத் தேடினோம், பதினொன்று அலமாரியிலும் இல்லை, பின்னறையிலும் இல்லை. அதன் பிறகு பேசவில்லை, பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இணைக் கடைகளோடு ஒப்பிட்டேன். 100 ஆர்டரில் 31 நகர்ந்தவை. உங்கள் 22-க்கு மேல். அதாவது 31 பேரிடம் 558 போகிறது, 69 பேரிடம் 345 வருகிறது. 100 ஆர்டருக்கு 213 குறைவு. நிதி இயக்குநர் வேறு காரணத்தால் சொன்னாலும், சொன்ன முடிவு சரிதான் போலிருக்கிறது.

மூன்றாவது, இரண்டு கடைகளில் அதிகாலை வேலை ஆரம்பித்தோம். எந்தப் பொருள் எந்த வரிசையில் என்று கருவியில் வரிசைப்படுத்தியும் கொடுத்தோம். தேவி மேடம் அனுப்பிய பயிற்சி அட்டவணையையும் பயன்படுத்தினோம், நன்றி. மணிக்கு 60 இருந்தது 88 ஆகிவிட்டது.

#20 கல்லாப்பெட்டி

தாராளமாகக் கூப்பிடுங்கள். மூன்றாவது விஷயத்தை நீங்கள் கடைசியில் போட்டிருக்கிறீர்கள், அதுதான் முதலில் வர வேண்டும்.

மணிக்கு 100 வந்தால் ஆர்டருக்கு எடுக்கும் கூலி 6-லிருந்து 3.6 ஆகும். ஒரு சுற்றில் வண்டி போடும் வீடுகள் கூடினால் அனுப்பும் செலவு 9-லிருந்து 7 ஆகலாம் என்று வைப்போம். அப்போது ஆன்லைனில் நிற்பது 5 இல்லை, 9.4. அதை 23-ஆல் வகுத்தால் சமன்கோடு 22-லிருந்து கிட்டத்தட்ட 41-க்கு ஏறிவிடும். உங்கள் 31 அதற்குள் அடங்கும். 100 ஆர்டருக்கு 213 குறைவு என்பது 227 கூடுதல் ஆகும். அதே வாடிக்கையாளர், அதே நகர்வு, எடுக்கும் வேகமும் வண்டிச் சுற்றும் மட்டும் மாறியிருக்கும்.

எனவே கூட்டத்தில் '22 கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: புதுக் கடைக்கு விரிக்க மாட்டோம், இருக்கிற 12-லேயே இருப்போம். ஆறு மாதத்தில் 12 கடையிலும் மணிக்கு 100, ஒரு வண்டிச் சுற்றுக்கு இத்தனை வீடு. இரண்டும் வந்தால் அடுத்த பணம், வராவிட்டால் நாங்களே பாதிக் கடையில் நிறுத்துகிறோம். ஹொரைசன் 2-ஐ விற்பனை வளர்ச்சியால் அளந்தால், தள்ளுபடி கொடுத்து விற்பனையை ஏற்றிவிட்டு, நகர்ந்தவர்களைக் கூட்டிக்கொண்டு, வெற்றி என்று சொல்வார்கள்.

#21 ஐந்தொகை

இந்த மாதிரிக் கேட்டால் நிதி ஆளாக நானே கையெழுத்துப் போடுவேன். ஹொரைசன் 3 என்ன ஆயிற்று? அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

#22 கல்லாப்பெட்டி

அதில் பேச அதிகமில்லை. ஒரு சோதனைக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பணம், வருடக் கணக்கில் இல்லை. கருவி வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலை 100, ஒரு வாடகைக்கு 12 வருகிறது, கழுவிப் பழுதுபார்க்க 4 போகிறது என்றால் 8 நிற்கும், 13 தடவை போய் வந்தால்தான் முதல் திரும்பும். எனவே கேள்வி 'வாடகைக்குச் சந்தை இருக்கிறதா' என்பது இல்லை, 'ஒரு கருவி 13 தடவை தாங்குமா' என்பது. அதற்கு ஒரு கடையும் நாற்பது கருவியும் போதும்.

கேள்விக்குப் பதில் வரும் முன் விரித்தால் பின்வாங்குவது ரொம்ப வலிக்கும். வால்மார்ட் 2019-இல் கடைகளோடு மருத்துவ மையம் ஆரம்பித்து 51 வரை போய், 2024-இல் எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்தது. காப்பீட்டிலிருந்து திரும்பக் கிடைக்கும் தொகை, ஏறும் செலவு என்று காரணம் சொன்னார்கள். அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கியது. 60 கடைச் சங்கிலிக்கு அந்த அளவு பாடம் கட்டுப்படியாகாது.

#23 மூன்றுகடைக்காரர்

அந்த 13 கணக்கு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கருவியை வாடகைக்கு எடுத்தவர் கடையில் வேறு சாமானும் வாங்கினால்? என் கடையில் சைக்கிள் பம்பு இரவல் கேட்டு வருகிறவர்கள் வெறும் கையோடு போனதில்லை.

#24 கல்லாப்பெட்டி

அதையும் அதே அட்டையில் பார்க்கலாம் அண்ணா. ஆனால் அந்தக் கூடுதல் கூடையை முன்கூட்டியே கணக்கில் சேர்க்காதீர்கள். 'மற்றதும் வாங்குவார்கள்' என்ற ஒரு வரியை வைத்துச் செத்த திட்டங்களை உயிரோடு காட்டிய தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே எழுதினேன்.

#25 திட்டப்பிரிவு

கூட்டம் முடிந்தது. ஹொரைசன் 2-க்கு 16. மணிக்கு 100-ம் வண்டிச் சுற்றும்தான் நிபந்தனை, ஆறு மாதம், தனிக் கூட்டம். கடை மேலாளர்களுக்கு ஆன்லைன் விற்பனை வரவு வைப்பதற்கு ஒத்துக்கொண்டார்கள். சம்பளத்தை எங்கள் பையிலிருந்து கொடுப்பது இன்னும் இழுபறி. ஹொரைசன் 3-இல் கருவி வாடகை மட்டும், ஒரு கடை, 2. மீதி இரண்டு சோதனையும் நின்றது. குறைத்தது 12 ஆகிறது, கேட்டது 20. மீதி 8-க்கு இரண்டு கடைப் புதுப்பிப்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார்கள். தொட முடியாது என்ற ஒப்பந்தத்தைத் தொட்டுவிட்டார்கள். 'இல்லை' பட்டியலைப் பார்த்த பிறகு செயல்பாட்டு மேலாளரே, 'புது விளக்கு போடுவதைவிட முதலில் அலமாரியை நிரப்புகிறேன்' என்று சொன்னார்.

#26 ஐந்தொகை

வாழ்த்துகள். ஆனால் உங்கள் 31-இல் ஒரு ஓட்டை இருக்கிறது, கூட்டம் முடியட்டும் என்றுதான் இருந்தேன். நகர்ந்தவர் நம் ஆன்லைன் இல்லாவிட்டால் கடைக்கே வந்திருப்பார் என்று எடுத்திருக்கிறீர்கள். போட்டியாளரின் ஆன்லைனுக்குப் போயிருப்பார் என்றால் நாம் இழந்தது 23 இல்லை, ஒன்றுமில்லை. இணைக் கடைகளின் பக்கத்தில் போட்டியாளரின் ஆன்லைன் இருந்ததா?

#27 திட்டப்பிரிவு

இப்போதுதான் பார்த்தேன். 12 இணைக் கடைகளில் 4-இன் சுற்றுப்புறத்துக்கு மட்டும்தான் போட்டியாளர் அனுப்புகிறார். ஆன்லைன் உள்ள நம் 12 கடைகளில் 9 பக்கத்தில் இருக்கிறார்.

#28 கல்லாப்பெட்டி

அப்படியானால் 31 அதிகமாகக் காட்டுகிறது போலிருக்கிறது, எவ்வளவு அதிகம் என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. கடை விற்பனை இறங்கியதில் ஒரு பகுதியைப் போட்டியாளர் நேராகக் கொண்டுபோயிருப்பார், அது நம் ஆன்லைன் தலையில் விழுந்திருக்கும். அந்த 4-ஐ மட்டும் உங்கள் 9-இல் பொருந்துகிற நான்கோடு வைத்துத் திரும்பப் போடுங்கள். எண்ணிக்கை சிறியது, ஆட்டம் காட்டும், இருந்தாலும் போடுங்கள்.

#29 திட்டப்பிரிவு

நாளைக்குப் போடுகிறேன் அக்கா. அந்த நான்கில் ஒன்று போன மாதம் கூரை வேலைக்காக இரண்டு வாரம் பூட்டியிருந்தது, அதை விட்டுவிட்டு மூன்றை மட்டும் எடுக்கட்டுமா?